விதியைச் சொல்லாமல் விடையைத் திருத்தலாமா?

"சார், வணக்கம். ரவுண்ட் ராபின் கணக்குல 2-வது நொடியில பி1 நேரம் முடிஞ்சு வரிசைக்குத் திரும்புது. அதே நொடியில பி2 புதுசா வருது. முதல்ல யாரை நிறுத்தணும்? விடைக்குறிப்புல சராசரி காத்திருப்பு நேரம் 1னு இருக்கு, எனக்கு 2 வருது. நோட்ஸ்ல இருக்கிற மாதிரி போடுன்னு சொன்னீங்க, அதுல இதுக்குப் பதில் இல்லை சார்."

வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பேருந்து ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்து கணினிப் பொறியியல் டிப்ளமோ படிக்கும் எந்த மாணவரும் தன் விரிவுரையாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம். இதைக் கவனக்குறைவான மாணவரின் சந்தேகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இங்கே குறை மாணவரிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். பி1 என்ற வேலை 0-வது நொடியில் வருகிறது. அதற்கு 5 நொடி சிபியு நேரம் வேண்டும். பி2 இரண்டாவது நொடியில் வருகிறது. அதற்கு 2 நொடி போதும். ஒரு முறைக்கு ஒரு வேலைக்குக் கிடைக்கும் நேரம், அதாவது குவாண்டம், 2 நொடி. நேரம் முடிந்த வேலை வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். புதிதாக வரும் வேலையும் கடைசியில்தான் சேர வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் யார் முன்னே? பாடத்தில் உள்ள விதி இந்த இடத்தில் மௌனமாக இருக்கிறது. ரேஷன் கடையில் பை எடுக்கப் போய்த் திரும்பியவரும் புதிதாக வந்தவரும் ஒரே நேரத்தில் வரிசையின் கடைசியில் வந்து நிற்பது போன்ற நிலை இது.

புதியவருக்கு முன்னுரிமை தந்தால், 2 முதல் 4 வரை பி2 ஓடி முடிந்துவிடும். பிறகு பி1 ஓடி 7-ல் முடியும். பி1 காத்திருந்தது 2 நொடி, பி2 காத்திருக்கவே இல்லை. சராசரி 1. திரும்பி வந்தவருக்கு முன்னுரிமை தந்தால், 4 வரை பி1 ஓடும். 4 முதல் 6 வரை பி2 ஓடும். மிச்சம் இருக்கும் ஒரு நொடியை பி1 7-ல் முடிக்கும். இரண்டும் ஆளுக்கு 2 நொடி காத்திருக்கின்றன. சராசரி 2. இரண்டு விடைகளிலும் கணக்குப் பிழை இல்லை.

சிக்கல் இந்த ஓர் இடத்தில்தான் என்பதைச் சோதித்தும் அறியலாம். பி2 வரும் நேரத்தை 1 என்றோ 3 என்றோ மாற்றுங்கள். எந்த முறையில் போட்டாலும் சராசரி 1.5 தான் வரும். குவாண்டம் முடியும் நொடியும் புது வேலை வரும் நொடியும் மோதும்போது மட்டுமே விடை பிரிகிறது. உண்மையான ஒற்றைச் செயலியில் இந்த இரு நிகழ்வுகளையும் இயக்க முறைமை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கையாளும். எதை முதலில் கையாள்கிறதோ அதுவே முந்தும். தாளில் முழு எண்களில் நேரம் தருவதால்தான் மோதல் பிறக்கிறது. அதைத் தீர்க்கும் பொறுப்பு கேள்வி எழுதியவருடையது.

"புதியவர் முன்னே என்பதுதானே வழக்கம்?" என்று சில ஆசிரியர்கள் சொல்லலாம். பல வகுப்பறைகளில் அது வழக்கம்தான், நல்ல வழக்கமும்கூட. ஆனால் வழக்கத்தை விதியாக்க வேண்டுமானால் அதை எழுதிவைக்க வேண்டும். டிப்ளமோ வாரியத் தேர்வுத் தாளைத் திருத்துபவர் பாடம் நடத்தியவர் அல்லர். ஒரு வகுப்பறையின் வழக்கம் இன்னொரு ஊரில் திருத்துபவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடிகிறது. எழுதப்படாத விதிக்காக ஒரு மாணவர் அந்த மதிப்பெண்ணை இழக்கக் கூடாது.

எனவே தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம் நாம் கேட்பது இரண்டு. ஒன்று, இத்தகைய கேள்விகளில் "ஒரே நேரத்தில் வந்தால் புதிய வேலை முன்னே நிற்கும்" என்பது போன்ற ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு, அந்த வரி விடுபட்ட கேள்விக்கு இரு விடைகளையும் விடைக்குறிப்பில் கொடுங்கள். மாணவர் எடுத்துக்கொண்ட விதியைக் கடைசி வரை மாறாமல் பின்பற்றியிருந்தால் முழு மதிப்பெண் தரச் சொல்லுங்கள்.

விரிவுரையாளர்களும் வெறும் எண்ணை மட்டும் பதிலாக அனுப்ப வேண்டாம். கான்ட் சார்ட்டை வரைந்து, ஒவ்வொரு குவாண்டம் முடிவிலும் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைக் கீழே எழுதி அனுப்பினால், விடை எந்த நொடியில் பிரிந்தது என்பதை மாணவரே பார்த்துக்கொள்வார். இயக்ககம் இந்த இரண்டையும் செய்யும்வரை மாணவர்கள் சார்ட்டுக்கு மேலே தாங்கள் எடுத்துக்கொண்ட விதியை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். அப்படி எழுதப்பட்ட விடையைத் தவறு என்று அடிக்க எந்தத் திருத்துநருக்கும் உரிமை இல்லை.