நூலகச் சாய்தளம் குறித்துச் செயற்பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்களுக்கு,

மூன்று விண்ணப்பங்கள் எழுதி, மூன்றுக்குமாகச் சேர்த்து ஒரே பதில் கிடைக்கப்பெற்ற பின்னர், இனி அந்தரங்கமாக எழுதுவதில் பிரயோசனமில்லை என்ற நிச்சயத்தோடு இம்மடலைப் பகிரங்கமாக எழுதுகிறேன். நடக்கவியலாத என் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து எங்கள் ஊர் நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு கிழவன் நான். உத்தியோக காலத்தில் பள்ளியில் வரைபடம் கற்பித்தவன்.

நூலகச் சாய்தளத்தின் வரைபடத்தில் சாய்வு 8.33 என்று இருக்கிறது. அது சதவிகிதம் என்பதும், 12 அடி கிடையாக நகர்ந்தால் 1 அடி ஏறவேண்டும் என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. நூலகத்தின் தரை, தெருவைவிட 60 சென்டிமீட்டர் உயரம். ஆகவே சாய்தளம் 7.2 மீட்டர் ஓடியிருக்கவேண்டும். கட்டி முடித்திருப்பதோ 4.1 மீட்டர். தங்கள் பதில் கூறுகிறது: "கருவி வைத்துப் பரிசோதித்ததில் 8.3 என்றே காட்டுகிறது, விதிப்படியே உள்ளது."

காட்டத்தான் செய்யும், ஐயா! கருவி காட்டியது பாகை. ஏற்றத்தைக் கிடைநீளத்தால் வகுத்து வரும் எண் கோணத்தின் டேன்ஜென்ட் என்பதால், 0.0833-க்கு உரிய கோணம் 4.76 பாகை மட்டுமே. திருப்பிப் பார்த்தால், 8.33 பாகையின் டேன்ஜென்ட் 0.146, அதாவது 14.6 சதவிகிதம். நூறு சதவிகிதம் என்பது செங்குத்துச் சுவர் என்று எண்ணுவோர் உண்டு. ஏற்றமும் கிடையும் சமமாகும் 45 பாகைதான் அது. சிறிய சாய்வுகளுக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், சதவிகிதத்தை 0.57-ஆல் பெருக்கினால் பாகை வந்துவிடும். 20 சதவிகிதம் வரை பிழை அற்பம், 100-க்குப் பிரயோகித்தால் 57 என்று பொய் சொல்லும்.

இதையும் நம்பவேண்டாம். 1.2 மீட்டர் நீளமுள்ள நேரான பலகையொன்றின் ஒரு முனையைச் சாய்தளத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்துப் பலகையைக் கிடையாக்கி, இறக்கத்தின் பக்கமுள்ள முனைக்கும் தரைக்கும் இடைவெளியை அளந்தேன். 10 சென்டிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 17.5 இருந்தது. நாற்காலியும் ஆளுமாக 90 கிலோ என்று கொண்டால், ஏழரைக் கிலோ பாரத்தைத் தாங்குவதுபோல் தள்ளவேண்டிய கைகள் பதின்மூன்று கிலோவைத் தாங்குகின்றன. இறங்கும்போது அதே பாரம் என்னை இழுக்கிறது. சென்ற மாதம் பிடி நழுவி, வாசல் தூணில் நாற்காலி மோதி நின்றது. தூணைக் கட்டியவருக்கு நன்றி, அவர் செங்குத்தை 90 சதவிகிதம் என்று கொள்ளவில்லை.

கட்டாமல் விட்ட 3.1 மீட்டர் எங்கே என்று நான் கேட்கவில்லை. தங்கள் அலுவலகத்தில் கேட்டால் அதற்கும் ஒரு எண் சொல்லி, அது பாகையா, மீட்டரா, ரூபாயா என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஒருநாள் காலை தாங்களே வந்து அந்த நாற்காலியில் அமருங்கள். நாற்காலியைத் தள்ள, எனக்குப் பதில் அனுப்பிய உதவியாளரை அழைத்து வாருங்கள். பலகையும் ரசமட்டமும் நான் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரைபட ஆசிரியன்