அந்த ஸ்டேட்டஸைப் போடுறதுக்கு முன்னாடி

ஒரு மாணவர் தற்கொலையால் இறந்த செய்தி வந்தா, ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லார் ஸ்டேட்டஸும் ஒரே மாதிரி ஆகிடும். போட்டோ, மெழுகுவத்தி, கீழே சில வரிகள். எழுதுறவங்க மனசுல இருக்கிறது அன்புதான். ஆனா அதே எண்ணத்தோட போராடிக்கிட்டு இருக்கிற இன்னொருத்தரும் ஹாஸ்டல் ரூம்ல படுத்துக்கிட்டு அதைப் படிக்கலாம்.

வழக்கமா வர்ற பதிவு இது: "அஞ்சு அரியர் விழுந்ததால இந்த முடிவை எடுத்துட்டான். இனியாவது நிம்மதியா தூங்கு மச்சான்."

முதல் வரி ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுது. தற்கொலைக்குப் பின்னாடி பெரும்பாலும் பல காரணங்கள் சேர்ந்திருக்கும். அஞ்சு அரியர் வச்சிருக்கிற இன்னொருத்தர் இதைப் படிச்சா, தன் கதைக்கும் இதுதான் முடிவுன்னு நினைக்கலாம். இரண்டாவது வரி இன்னும் ஆபத்து. செத்தா நிம்மதி கிடைக்கும்னு அது சொல்லாமல் சொல்லுது.

வார்த்தைக்கு இவ்வளவு சக்தியான்னு கேட்கலாம். 1980-களில் வியன்னா பத்திரிகைகள் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதின. 1987-இல் எப்படி எழுதணும்னு வழிகாட்டுதல் வந்து, பத்திரிகைகள் அதைப் பின்பற்றின பிறகு அந்தத் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் ஊடகங்களுக்கு இதே விஷயத்தைச் சொல்லுது: எப்படி, எங்கே நடந்ததுன்னு விவரிக்காதீங்க, கடைசிக் கடிதத்தைப் பகிராதீங்க, உதவி கிடைக்கும் இடத்தைச் சேர்த்து எழுதுங்க.

அதே பதிவை இப்படி எழுதலாம்: "எங்க நண்பன் நேத்து இறந்துட்டான். லேப்ல யாருக்கு சர்க்யூட் வேலை செய்யலைன்னாலும் முதல்ல வந்து நிப்பான். அவன் இல்லாதது தாங்க முடியல. உங்களுக்கும் மனசு கனமா இருந்தா 14416-க்கு கூப்பிடுங்க. இல்ல, எனக்குக் கூப்பிடுங்க, எடுப்பேன்." இதில் அவன் வாழ்ந்த விதம் இருக்கு, நம்ம வலியும் இருக்கு. இறந்த விதம் இல்லை. அதைச் சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவன் குடும்பம்.

14416 என்பது டெலி மானஸ். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஆனா நம்பரைப் போட்டதோட நம்ம வேலை முடியாது. பதிவைப் பார்த்துட்டு யாராவது "எனக்கும் அப்படித்தான் இருக்கு"ன்னு அனுப்பினா, "பாசிட்டிவா இரு"ன்னு பதில் போடாதீங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரடியாகவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து 14416-ஐ நீங்களே டயல் பண்ணுங்க, வார்டனையோ வீட்டையோ கூப்பிடுங்க. உடனடி ஆபத்துன்னா 108. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணிடாதீங்க.