மூன்றில் இரண்டுதான்: 203 ரூபா டொலர் ஏன் தாங்கவில்லை

2021 கார்த்திகை மாதம் லண்டனிலிருந்து சித்தப்பா அழைத்தார். அப்பம்மாவின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறவர். வழக்கமாக வங்கிக்குத்தான் போடுவார். அன்று மட்டும் கொஞ்சம் தயங்கி, "இஞ்ச ஒராள் பவுணுக்கு ஐம்பது, அறுபது ரூபா கூடத் தாறன் எண்டு சொல்லுறார். என்ன செய்ய?" என்று கேட்டார். அம்மா இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் யாரோ ஒரு தம்பி மோட்டார்சைக்கிளில் வந்து காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதே காலத்தில் உண்டியலில் காசு அனுப்புகிறவர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று பேசினார்கள். எனக்கு அப்போதே அது உறுத்தியது. அப்பம்மாவின் மருந்துக்காசா நாட்டைக் கவிழ்க்கிறது? பிறகு பொருளியல் படிக்கத் தொடங்கியபோதுதான் இதற்கு அறுபது வருடப் பழைய விளக்கம் ஒன்று இருப்பது தெரியவந்தது. 1960களின் தொடக்கத்தில் ரொபர்ட் முண்டெல், மார்கஸ் பிளெமிங் என்ற இருவர் தனித்தனியாகச் செய்த வேலையிலிருந்து வந்தது அது. தமிழில் 'முடியாத மும்மை' என்று சொல்லலாம்.

விஷயம் இதுதான். ஒரு நாடு மூன்று விஷயங்களுக்கு ஆசைப்படலாம். ஒன்று, நாணயமாற்று வீதத்தை ஓரிடத்தில் கட்டி வைப்பது. இரண்டு, உள்நாட்டுத் தேவைக்கேற்ப வட்டியைத் தானே தீர்மானிப்பது. மூன்று, பணம் நாட்டுக்குள் வரவும் போகவும் கதவைத் திறந்து வைப்பது. இதில் எந்த இரண்டை எடுத்தாலும் மூன்றாவது கையை விட்டுப் போகும். இது ஒரு சட்டமோ சாபமோ இல்லை, சின்னக் கணக்குத்தான். போட்டுப் பார்ப்போம்.

உங்களிடம் 1,000 டொலர் இருக்கிறது. டொலர் 200 ரூபா. மாற்றினால் 2 இலட்சம் ரூபா. அதை இங்கே 6 சதவீத வட்டிக்கு ஒரு வருடம் போட்டால் 2,12,000 ஆகும். வருட முடிவிலும் டொலர் 200 ரூபாவாகவே இருந்தால் உங்கள் கையில் 1,060 டொலர். வெளியில் 1 சதவீத வட்டிக்கு டொலராகவே வைத்திருந்தால் 1,010தான். அப்போ ரூபாதான் லாபம்.

ஆனால் வருட முடிவில் டொலர் 250 ஆகும் என்று நீங்கள் நினைத்தால்? 2,12,000 ரூபாவை 250ஆல் வகுத்தால் வருவது 848 டொலர். 152 டொலர் நட்டம். அந்த நினைப்பு இருக்கிற ஒருவரை ரூபாவில் வைத்திருக்க எவ்வளவு வட்டி கொடுக்க வேண்டும்? 1,010 டொலரை 250 ரூபாவால் பெருக்குங்கள். 2,52,500 வரும். அதாவது 26 சதவீதத்துக்கும் கொஞ்சம் கூட. 6 சதவீதத்தை வைத்துக்கொண்டு அவரைப் பிடித்து வைக்க முடியாது.

இப்போ 2021ஐப் பாருங்கள். செப்டெம்பர் முதல் அடுத்த வருடம் மார்ச் தொடக்கம் வரை டொலர் 200க்கும் 203க்கும் இடையில் கட்டப்பட்டிருந்தது. மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் கொள்கை வட்டி 6 சதவீதம். ஜனவரியில் அது 6.5 ஆனது. டிசம்பரில் கொழும்பின் பணவீக்கமே 12 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ரூபாவை வைத்திருக்கிறவன் கண்ணுக்கு முன்னால் தேய்ந்துகொண்டிருந்தான். 203 நிலைக்காது என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும். பிறகு யார் டொலரை விற்பார்கள்?

விற்க ஆளில்லாவிட்டால் மத்திய வங்கிதான் தன் ஒதுக்கிலிருந்து டொலரை எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். மத்திய வங்கி ஒரு டொலரை விற்கும்போது அதற்குரிய ரூபா சந்தையிலிருந்து மத்திய வங்கிக்குள் போகிறது. வெளியில் ரூபா குறைகிறது. ரூபா தட்டுப்பாடானால் வட்டி ஏறும். வட்டி ஏறினால் கடன் எடுத்து இறக்குமதி செய்வது குறையும், ரூபாவில் காசு போடுகிறவர்கள் கூடுவார்கள், டொலருக்கான நெருக்கடி தணியும். கட்டிய வீதம் காப்பாற்றப்படுவது இந்த வழியில்தான். வட்டியை அதன் போக்கில் ஏற விட்டால் மட்டுமே அது வேலை செய்யும்.

எங்கள் நாட்டில் ஏற விடவில்லை. அரசாங்கம் காசு திரட்ட விற்கும் திறைசேரி உண்டியல்களுக்கு இவ்வளவுக்கு மேல் வட்டி தரமாட்டோம் என்று 2021இன் பெரும்பகுதியில் உச்சவரம்பு இருந்தது. அந்த வட்டிக்கு வாங்க ஆட்கள் குறைந்தபோது மிச்சத்தை மத்திய வங்கியே புது ரூபாவில் வாங்கியது. வரம்பை எடுத்த பிறகும் அந்த வாங்கல் நிற்கவில்லை. 2021 முடிவில் அதன் கையிலிருந்த அரசாங்கப் பத்திரங்கள் ஏறக்குறைய 1.4 ட்ரில்லியன் ரூபா. 2019 முடிவில் அது 100 பில்லியனைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

ஆக, ஒரு கையால் டொலரை விற்று ரூபாவை உள்ளே எடுத்தார்கள். மறு கையால் அதைவிடக் கூடிய ரூபாவை வெளியே விட்டார்கள். வெளியே வந்த ரூபா திரும்பவும் டொலர் தேடிப் போனது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த ஒதுக்கு 2021 முடிவில் 3.1 பில்லியன். அதிலும் பாதியளவு சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்று ஏற்பாடு. நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாதது.

"அப்போ கதவை மூடியிருக்கலாமே? மூன்றாவதை விட்டால் மற்ற இரண்டும் கிடைக்கும்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோட்பாடும் அதைத்தான் சொல்கிறது. உண்மையில் மூடிப் பார்த்தார்கள். 2020 முதல் வெளிநாட்டில் முதலிடப் பணம் கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. வாகனம் முதல் மஞ்சள் வரை இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏற்றுமதியாளர்கள் டொலரைக் கொண்டுவந்து மாற்ற வேண்டும் என்று விதி வந்தது.

இனி சித்தப்பாவின் காசுக்கு வருவோம். அவர் கொடுத்த பவுண் லண்டனை விட்டு வரவேயில்லை. இங்கே நாணயத்தை வெளியில் கொண்டுபோக விரும்பிய ஒருவர், ஒரு வியாபாரியோ சேமிப்பைக் காப்பாற்ற நினைத்தவரோ, தன் ரூபாவை உண்டியல்காரரிடம் கொடுத்தார். அந்த ரூபாதான் மோட்டார்சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தது. சித்தப்பாவின் பவுண் அங்கே அந்த மனிதருக்குப் போனது. ஒரு நோட்டுகூட எல்லை தாண்டவில்லை. ஆனால் ஒருவருடைய மூலதனம் நாட்டை விட்டு வெளியேறிவிட்டது. வங்கிக்கு வந்திருக்க வேண்டிய பவுணும் வரவில்லை.

வங்கி வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5, 2022இல் 3.8. வெளியில் இருந்த எங்கள் ஆட்கள் வீட்டை மறந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு விலைக்கும் இடையிலான இடைவெளி வழியை மாற்றிவிட்டது. குடும்பத்துக்கு ஒராள் வெளிநாட்டில் இருக்கிற தீவில், பணத்துக்கான கதவு என்பது விமான நிலையமும் வங்கியும் மட்டுமில்லை. தொலைபேசி இருக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு கதவுதான். அதனால்தான் சொல்கிறேன், எங்களுக்கு மூடிய கதவு என்ற தெரிவு கடதாசியில் மட்டும்தான் இருந்தது. அதை மறந்துவிட்டு உண்டியல்காரரைத் திட்டுவது, ஒழுகுகிற கூரைக்கு மழையைத் திட்டுகிற மாதிரி.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். மார்ச் 7ஆம் திகதி கட்டை அவிழ்த்து 230 வரை விடலாம் என்றார்கள். 230இல் நிற்கவில்லை. மே மாதத்தில் டொலர் 360ஐ அண்மித்தது. ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றி 14.5 ஆக்கினார்கள். நான்கு நாள் கழித்து வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பு. அந்த வருடமே திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. மேலே போட்ட கணக்கின் 26 சதவீதம் மிகைப்படுத்தல் இல்லை என்பது அப்போது விளங்கியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நாடு விழுந்ததற்கு இந்த மும்மை மட்டும் காரணமில்லை. 2019 முடிவில் வரியை வெட்டியது, கொரோனாவில் சுற்றுலா படுத்தது, அதற்கு முன்பே சேர்ந்திருந்த டொலர் கடன் எல்லாம் இருந்தன. வீதத்தை முன்னரே அவிழ்த்திருந்தாலும் கடன் கடனாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒதுக்கு வற்றிப்போகாமல் இருந்திருக்கும். காஸுக்கும் பெற்றோலுக்கும் மருந்துக்கும் கொஞ்ச டொலராவது மிஞ்சியிருக்கும். நாங்கள் நின்ற வரிசைகளின் நீளம் குறைந்திருக்கும்.

நிலையான வீதம் கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. ஹொங்கொங் 1983இலிருந்து தன் டொலரை ஒரு அமெரிக்க டொலருக்கு 7.80 என்ற அளவை ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறது. கதவும் திறந்தே இருக்கிறது. ஆனால் 2022இல் அமெரிக்கா வட்டியை ஏற்றியபோது, தன் பொருளாதாரம் சுருங்கிக்கொண்டிருந்தும் ஹொங்கொங்கும் கூடவே ஏற்றியது. வீட்டுக்கடன் எடுத்தவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். அவர்கள் மூன்றாவதை விட்டுவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லி விட்டவர்கள். நாங்கள் மூன்றும் இருக்கு என்று சொல்லிக்கொண்டே இழந்தவர்கள்.

2023ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கப் பத்திரங்களை நேரடியாக அரசாங்கத்திடமிருந்து வாங்குவதைத் தடுக்கிறது. விலைகளை உறுதியாக வைத்திருப்பதே முதல் வேலை, நாணயமாற்று வீதம் நெகிழ்வானது என்கிறது. அதாவது நாடு இப்போ ஒரு மூலையைத் தேர்ந்துவிட்டது: வட்டி எங்கள் கையில், டொலர் விலை சந்தையின் கையில். எனக்கு இது சரியான தெரிவாகப் படுகிறது. ஆனால் இதற்கும் விலை உண்டு. ரூபா விழும் மாதத்தில் பாணும் பருப்பும் மருந்தும் ஏறும். அதைத் தாங்க முடியாத வீடுகளுக்கு நேரடியாக உதவி போக வேண்டும். மலிவான டொலரை எல்லோருக்கும் கொடுத்து ஏழைகளைக் காப்பாற்ற முடியாது, அந்த டொலரில் பெரும்பங்கை வாங்கியது வசதியானவர்கள்தான்.

அடுத்த தேர்தல் மேடையில் ஒருவர் வந்து டொலரை இறக்கி நிறுத்துவேன், வட்டியையும் குறைப்பேன் என்று சொல்லுவார். கை தட்ட முதல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்போ ஐயா, எங்கட சித்தப்பாட காசு எந்த வழியால வரும்?"