பூரணையை நீங்களே கணக்கிடலாம், ஆனால் ஒரு நாள் முன்பின் சொல்லுங்கள்

அடுத்த பௌர்ணமி எப்போது என்று கேட்டால் நம்மில் பலர் உடனே போனை எடுப்போம். அதில் தப்பில்லை. ஆனால் தெரிந்த ஒரு பௌர்ணமியும் ஒரேயொரு எண்ணும் கையில் இருந்தால், இன்னும் எத்தனையோ மாதம் கழித்து வரும் பௌர்ணமியைக்கூட நாமே கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கை எல்லோரும் பழக வேண்டும் என்பதுதான் என் கருத்து. கூடவே இன்னொன்றும் சொல்வேன்: விடையைச் சொல்லும்போது அது எவ்வளவு பிசகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

ஏன் இது முக்கியம்? என் நண்பி ஒருத்தி லண்டனில் தாதியாக வேலை செய்கிறாள். அவளுடைய அம்மா இப்போது இல்லை. எங்கள் ஆட்களிடையே, அப்பாவை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும் அம்மாவை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் இருப்பார்கள். அவளுக்கு அந்த ஒரு நாள் லீவு வேண்டும். அதைப் பல மாதம் முன்பே கேட்டுவைக்க வேண்டும். கோயில் கலண்டர் வரும்வரை காத்திருந்தால் டியூட்டி அட்டவணை மூடிவிடும். அவளுக்குத் தேவையானது ஒரு நல்ல மதிப்பீடு.

கணக்குக்குத் தேவையான எண் 29.53059. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சராசரியாக இத்தனை நாட்கள். மணியில் சொன்னால் 29 நாள், 12 மணி, 44 நிமிடம். இதைத் தொலைநோக்கி வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே பாபிலோனிய வானியலாளர்கள் ஒரு செக்கன் பிசகுகூட இல்லாத அளவுக்கு இதை அறிந்திருந்தார்கள். சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். அதன் நேரத்தை நன்றாகக் குறித்து வைக்கலாம். நீண்ட இடைவெளியில் வந்த இரண்டு கிரகணங்களை எடுத்து, நடுவிலுள்ள நாட்களை மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும்.

இப்போது நண்பியின் கணக்கைச் செய்து பார்ப்போம். எல்லா நேரத்தையும் முதலில் கிரீன்விச் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் நேரத்துக்குக் கடைசியில் மாற்றலாம். 2025இன் சித்திரா பௌர்ணமி மே 12ஆம் தேதி மாலை 4:56க்கு நிறைந்தது. இது நமக்குத் தெரிந்த பௌர்ணமி. அதிலிருந்து பன்னிரண்டு பௌர்ணமி தள்ளி 2026இன் சித்திரா பௌர்ணமி வரும்.

```
12 × 29.53059 = 354.367
```

அதாவது 354 நாள், 8 மணி, 49 நிமிடம். ஒரு வருடம் 365 நாள் என்பதால் 354 நாள் கூட்டுவதும், அடுத்த வருடம் அதே தேதியிலிருந்து 11 நாள் பின்னே வருவதும் ஒன்றுதான். மே 12இலிருந்து 11 நாள் பின்னே வந்தால் மே 1, மாலை 4:56. அதோடு 8 மணி 49 நிமிடம் கூட்டினால் 2026 மே 2, அதிகாலை 1:45.

வானியல் அட்டவணையோ மே 1, மாலை 5:23 என்கிறது. நம் கணக்கு எட்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே பிந்திவிட்டது. எட்டு மணி சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் அது நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் லண்டனில் தேதியே மாறிவிட்டது. மே 2 என்று நம்பி லீவு எடுத்திருந்தால் நண்பி விரத நாளில் வார்டில் நின்றிருப்பாள்.

பெருக்கலில் பிழை இல்லை. அப்படியென்றால் பிசகு எங்கிருந்து வந்தது? சந்திரன் பூமியை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 27 நாளும் 8 மணியும் போதும். ஆனால் அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் மறுபடி சூரியனுக்கு நேர் எதிரே வர, சந்திரன் இன்னும் இரண்டு நாளுக்கு மேல் ஓட வேண்டும். அதன் பாதை சரியான வட்டம் அல்ல. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாக ஓடும், தூரப் போனால் மெதுவாக ஓடும். அந்தக் கடைசி இரண்டு நாள் ஓட்டம் கிட்ட இருக்கும் பக்கத்தில் அமைந்தால் மாதம் குறுகும், தூரப் பக்கத்தில் அமைந்தால் நீளும்.

2025இல் பூமிக்கு மிகக் கிட்ட வந்த பௌர்ணமி நவம்பர் 5ஆம் தேதியது. அதற்கு முந்திய பௌர்ணமியிலிருந்து அது வர 29 நாளும் 9 மணி 31 நிமிடமும்தான் எடுத்தது. சராசரியைவிட மூன்று மணி குறைவு. 2025 ஜூலையிலிருந்து 2026 பெப்ரவரி வரை ஏழு மாதமும் இப்படிச் சராசரிக்குக் குறைந்தே போயின. அந்த ஏழிலும் சேர்ந்த குறை பதினைந்தரை மணிக்கு மேல். மற்ற ஐந்து மாதங்கள் நீண்டு, அதில் ஏழு மணியளவு மட்டும் திருப்பித் தந்தன. மிஞ்சியதுதான் நம் எட்டு மணி.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. "29.53059 எல்லாம் எதுக்கு, 29.5 போதும்" என்று சொல்பவர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர்களுடைய எண்ணால் இதே கணக்கைச் செய்தால் 354 நாள் சரியாக வரும். விடை மே 1, மாலை 4:56. உண்மை நேரத்துக்கும் அதற்கும் அரை மணி நேரம்கூட இல்லை! மோசமான எண் நல்ல எண்ணை வென்றுவிட்டதே என்று தோன்றும். அது அதிர்ஷ்டம் மட்டுமே. 29.5 ஒவ்வொரு மாதமும் 44 நிமிடத்தை விழுங்குகிறது. அந்த வருடம் சந்திரனும் தற்செயலாக அதே அளவு முந்திப் போனதால் இரண்டு பிசகும் ஒன்றையொன்று அடித்துவிட்டன.

அதிர்ஷ்டமா இல்லையா என்று பார்க்க நீண்ட தூரம் கணக்கிட வேண்டும். 2000ஆம் ஆண்டு ஜனவரி 21, அதிகாலை 4:40க்கு ஒரு பௌர்ணமி. அன்று முழுச் சந்திர கிரகணமும் நடந்தது. அதிலிருந்து 325ஆவது பௌர்ணமிதான் நாம் தேடும் 2026 மே பௌர்ணமி. சராசரி எண்ணால் பெருக்கினால் மே 1, மாலை 3:16 வருகிறது. இருபத்தாறு வருடம் தாண்டியும் பிசகு இரண்டு மணி சொச்சம்தான். 29.5ஆல் பெருக்கினால் வருவது ஏப்ரல் 21. பத்து நாள் முன்னுக்கு! அன்று வானத்தில் இருப்பது முழு நிலா அல்ல, வளர்பிறைக் கீற்று.

இரண்டு விதப் பிசகுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எண்ணைக் குறுக்கியதால் வரும் பிசகு மாதத்துக்கு மாதம் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போகும். சந்திரனின் வேக மாற்றத்தால் வரும் பிசகு ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், எல்லை தாண்டாது. அடுத்த ஒரு மாதத்தை மட்டும் சொல்வதானால் ஆறேழு மணிக்குள் நிற்கும். பல மாதம் தள்ளிச் சொல்வதானால் ஏறக்குறைய ஒரு நாள் முன்பின் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல எண்ணைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு நாளை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பௌர்ணமி நிறைவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். தேதிதான் ஊருக்கு ஊர் மாறும். மே 1, 2026இன் அந்தக் கணம் ரொறன்ரோவில் மதியம் 1:23. லண்டனில் மாலை 6:23. யாழ்ப்பாணத்தில் இரவு 10:53. சிட்னியில் மே 2, அதிகாலை 3:23. அதற்காகச் சிட்னிக்காரருக்கு விரதம் மே 2 என்று முடிவுகட்ட வேண்டாம். பஞ்சாங்கத்தில் பௌர்ணமித் திதி ஏறக்குறைய ஒரு நாள் முன்பே தொடங்கி, நிலா நிறையும் கணத்தோடு முடிந்துவிடும். ஆகவே சிட்னியிலும் மே 1 பகல் முழுவதும் பௌர்ணமித் திதிதான். நம் கணக்கு சொல்வது திதி முடியும் கணத்தை. விரத நாள் எது என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

இனி, நண்பி என்ன செய்யலாம்? 2026இன் உண்மை நேரத்தைப் புதிய தொடக்கமாக எடுத்து மறுபடி பன்னிரண்டு மாதம் கூட்டினால் 2027 ஏப்ரல் 21, அதிகாலை 2:12 வருகிறது. நள்ளிரவுக்கு இவ்வளவு கிட்ட வந்தாலே உஷாராக வேண்டும். ஏப்ரல் 20, 21 இரண்டு நாளையும் கேட்டுவைத்து, கோயில் கலண்டர் வந்ததும் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம். 2028க்கு அதே தொடக்கத்திலிருந்து இருபத்துநான்கு மாதம் கூட்டினால் ஏப்ரல் 9 வரும். அப்போது சித்திரை மாதமே பிறந்திருக்காது. ஆகவே இன்னும் ஒரு மாதம் கூட்ட வேண்டும். விடை மே 8, இரவு 11:44. இதுவும் நள்ளிரவுக்குக் கிட்டத்தான் நிற்கிறது. லண்டன் நேரத்துக்கு மாற்றினால் மே 9, 0:44 ஆகிவிடும். அந்த வருடமும் அவள் இரண்டு நாள் கேட்டுவைப்பதுதான் புத்தி.