குளக்கரையில் என்ன எழுதுவது?

மயிலாப்பூரைக் குடும்பத்தோடு நடந்து பார்ப்போருக்காகச் சிறு கையேடு ஒன்றைத் தொகுத்து வருகிறோம். சாந்தோம் பேராலயத்தில் தொடங்கி, கச்சேரி சாலைப் பள்ளிவாசல் வழியாகக் கபாலீசுவரர் கோயில் குளத்தை அடைந்து, லஸ் தேவாலயத்தில் முடியும் பாதை அது. மற்ற இடங்களைப் பற்றி எழுதுவதில் பெரிய இடர் இல்லை. குளக்கரையில்தான் பேனா நின்றுவிட்டது.

குளம் அமைந்த நிலத்தை ஆர்க்காட்டு நவாப் வழங்கினார் என்றும், அதனால் முஹர்ரம் நாளில் அதைப் பயன்படுத்தும் உரிமை முஸ்லிம்களுக்கு உண்டு என்றும் ஊரில் வழங்கும் செய்தியை நம்மில் பலர் அறிவர். இதை ஐயமற்ற வரலாறாகவே எழுதிவிட வேண்டும் என்பது எங்களுள் சிலரின் விருப்பம். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. எந்த நவாப், எந்த ஆண்டு, எந்தச் சாசனம் என்று ஒரு சிறுவன் கேட்டால் கையேடு விழிக்கக் கூடாது. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தே ஒரு செய்தியை ஏற்கும் மரபில் வளர்ந்த நமக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. எனவே, "ஊரில் வழங்கும் செய்தி" என்ற சொற்களோடு அதை எழுதினோம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சாசனம் கிடைத்தால் அச்சொற்களை நீக்கிவிடலாம். பஞ்சா எடுப்பதை ஏற்காதோர் முஹர்ரம் பகுதியையே விட்டுவிடச் சொன்னார்கள். ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுவது அதை ஆதரிப்பதாகாது. ஆகவே அதை விடவில்லை.

இதே அளவுகோலை மற்ற இடங்களிலும் வைத்தோம். லஸ் தேவாலயக் கல்வெட்டு 1516 என்கிறது. கட்டடம் அதற்குப் பிற்பட்டது என்போரும் உளர். இரண்டையும் எழுதினோம். இன்றைய சாந்தோம் பேராலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. போர்த்துகீசியர் கட்டிய கோயில் அதற்கு முந்தையது. பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரை அருகே இருந்து போர்த்துகீசியரால் அழிந்தது என்று கூறப்படுகிறது. பேராலய வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. அத்துண்டுகள் அங்கே ஒரு கோயில் இருந்ததற்குச் சான்றாகலாம். அதை இடித்தவர் யார் என்பதை அவை சொல்வதில்லை. பிற சமயத்தவர் செய்தியில் ஆதாரம் கேட்டுவிட்டு, நம் செய்தியில் மட்டும் கேட்காதிருப்பது நீதியாகாது.

எங்களுக்கு மிகவும் பிடித்த பக்கம் சாந்தோமைப் பற்றியதே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, புனித தோமாவின் அடக்கத்தலத்திற்குக் கிறித்தவரோடு முஸ்லிம்களும் வந்ததாகவும், அவரைத் தம்மவர் என்றே கருதியதாகவும் குறிப்பிடுகிறார். ஆர்க்காட்டு நவாப்களுக்கு நானூறு ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது. ஆனால் அவர் இதைக் கண்ணால் கண்டாரா, கேட்டு எழுதினாரா என்ற வினா உண்டு. அந்த வினாவையும் அதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.