சீட்டில் ஒரு கணக்கு, பாங்கியில் ஒரு கணக்கா?

விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றின் சம்பளக் கணக்குப் பிரிவுக்கு, அங்கே சூளை முன் வேகும் தொழிலாளர்கள் நாங்கள் எழுதுவது:

ஏப்ரல் சம்பளம் மே 7-ந் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். வந்தது 13-ந் தேதி. இந்த 7-ந் தேதி நாங்கள் கற்பித்ததல்ல. 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலைகளுக்கு அதைத்தான் விதித்தது. 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு அதே கெடுவைத்தான் சொல்கிறது.

தாமதமாக வந்தது முழுசாகவாவது வந்ததா? எங்களில் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த சீட்டில் வேலை நாள் 30, மொத்தச் சம்பளம் ரூ. 15,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ரூ. 12,000. அதற்கு நூற்றுக்கு 12 வீதம் பிராவிடண்ட் பண்ட் ரூ. 1,440. மொத்தத்தில் நூற்றுக்கு முக்கால் வீதம் ஈ.எஸ்.ஐ. ரூ. 113. இரண்டும் போகக் கைக்கு வர வேண்டியது ரூ. 13,447. பாங்கிப் புத்தகத்தில் வரவானதோ ரூ. 12,447. ஆயிரம் ரூபாய் எங்கே?

பாங்கி பிடித்தது என்று சொல்ல முடியாது. பாங்கி பிடித்தால் அது தனிப் பற்று வரியாகப் புத்தகத்தில் ஏறும். இங்கே வரவே குறைவு.

"இரண்டு நாள் லீவு, நாளொன்றுக்கு ரூ. 500" என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறீர்கள். அப்படியே வைத்துக் கொள்வோம். அப்போது சம்பளம் ரூ. 14,000. அடிப்படையும் பஞ்சப்படியும் ரூ. 11,200 ஆகிவிடும். பண்ட் பிடித்தம் ரூ. 1,344, ஈ.எஸ்.ஐ. ரூ. 105 என்று இறங்கும். கைக்கு ரூ. 12,551 வர வேண்டும். உங்கள் கதைப்படி பார்த்தாலும் ரூ. 104 குறைகிறது! பிடித்தத்துக்கு முப்பது நாள், சம்பளத்துக்கு இருபத்தெட்டு நாள்; இது என்ன கணக்கு?

களத்து மேட்டில் மரக்கால் குறைந்தால் அறுவடை செய்தவன் அங்கேயே மறித்துக் கேட்பான். பாங்கி வழியே அளந்தால் கேட்க மாட்டோம் என்று நினைத்தீர்களா?

தோழர்களே, சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பாங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறை இருந்தால் எழுத்தில் கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். குறைத்துக் கொடுத்ததாக மனுச் செய்தால், முழுசாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி தலையில்தான் என்கிறது அதே சட்டத் தொகுப்பு.

கணக்குப் பிரிவாரே! பிடித்தம் உண்டென்றால் என்ன காரணம், எந்தெந்த நாள் என்று சீட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் ஆயிரத்தையும் வரவு வையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பதில் எழுத்தில் வேண்டும்!