'ரேட்டைப் பூட்டியாச்சு' என்றால் எந்த ரேட்டை?

உம்ராவுக்குப் போகும் எமது ஊர்ப் பெரியவர்கள் இப்போது காசுக்குப் பதிலாக டொலர் ஏற்றிய ப்ரீபெய்ட் கார்டைக் கொண்டு போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் "ரேட்டைப் பூட்டியாச்சு, இனிக் கவலையில்லை" என்று சொல்லி அனுப்புவது பாதி உண்மை என்பதே எமது கருத்து.

கடவுச்சீட்டு, விசா, டிக்கெட்டைக் காட்டி ரூபாயைக் கட்டுகிறோம். வங்கி அன்றைய விற்பனை விலையில் டொலராக மாற்றி கார்டில் ஏற்றுகிறது. விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 150,000 ரூபாய்க்கு 500 டொலர். மறுநாள் டொலர் 310 ஆனாலும் கார்டில் உள்ள 500 குறையாது. 290 ஆக இறங்கினால் அந்த இலாபம் எமக்கில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியதைக் கண்ட எமக்கு இந்தப் பூட்டின் பெறுமதி தெரியும்.

ஆனால் பூட்டப்பட்டது ரூபாய்க்கும் டொலருக்கும் இடையிலான விலை மட்டுமே. மக்காவில் செலவாவது ரியால். ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்று சவூதி அரசு 1986 முதல் நிலையாக வைத்திருக்கிறது. ஆகவே 75 ரியால் சாப்பாட்டுக்கு 20 டொலர்தான் போக வேண்டும். கார்ட் கொடுத்த வங்கி நாணய மாற்றுக் கட்டணமாக 3 வீதம் எடுத்தால் 20.60 போகும். இந்தக் கட்டணத்தை எந்தப் பூட்டும் தடுக்காது. அது எத்தனை வீதம் என்பதைக் கார்ட் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

அடுத்தது கடைக்காரரின் மெஷின். சிலவேளை திரையில் SAR, USD என்று இரண்டு தொகைகள் வரும். டொலர் கார்ட்தானே என்று USD ஐ அழுத்திவிடுவார்கள். அப்போது மாற்று விலையைத் தீர்மானிப்பது எமது வங்கியல்ல, அந்த மெஷினை நடத்தும் நிறுவனம். அதே 75 ரியாலுக்கு 21 டொலருக்கு மேலும் போகலாம். எப்போதும் SAR ஐயே அழுத்த வேண்டும். ரசீதில் ரியால் தொகையோடு டொலர் தொகையும் அச்சாகியிருந்தால் மாற்றம் கடையிலேயே நடந்துவிட்டது என்று அர்த்தம். கையொப்பமிடுவதற்கு, பின் இலக்கம் அடிப்பதற்கு முன்பே அதை ரத்துச் செய்யச் சொல்லலாம்.

கடைசியாக, மீதிப் பணம். 100 டொலர் மிஞ்சினால் வங்கி திருப்பித் தருவது வாங்கும் விலையில். அது 290 என்றால் 30,000 ரூபாய்க்கு ஏற்றியது 29,000 ஆகத்தான் திரும்பும். அதனால் அளவோடு ஏற்றி அனுப்புவோம். தேவைப்பட்டால் வீட்டிலிருப்பவர் மேலும் ஏற்ற வங்கி அனுமதிக்குமா என்று முதலிலேயே கேட்டு வைப்போம். அப்படி ஏற்றினால் அன்றைய விலைதான், பழைய 300 அல்ல.

வாழ்நாள் சேமிப்போடு போகும் உம்மா வாப்பாவுக்குக் கார்டை மட்டும் கொடுத்து அனுப்பாமல், திரையில் SAR என்ற மூன்று எழுத்துகளையும் காட்டிக் கொடுத்து அனுப்புவோம்.